பெயர் போடாமலே யார் பேசுவது என்று தெரிய வைப்பது

கேள்வி: என் நாவலில் ஒரே வீட்டில் ஆறேழு பேர் பேசிக்கொள்கிறார்கள். வரிக்கு வரி 'என்றான்', 'என்றாள்' போட்டு எனக்கே அலுத்துவிட்டது. பெயரே இல்லாமல் பேச்சை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்கிற மாதிரி எழுத என்ன செய்யலாம்?

பதில்:

இதே பள்ளத்தில் நானும் விழுந்திருக்கிறேன். என் முதல் நாவலின் மூன்றாவது அத்தியாயத்தைப் படித்த நண்பர் ஒருவர், 'எல்லாரும் நீங்கள் பேசுகிற மாதிரியே பேசுகிறார்களே' என்றார். கோபம் வந்தது, அப்புறம் எடுத்துப் பார்த்தால் அவர் சொன்னது உண்மை. அப்பா இறந்த பிறகு வீட்டை விற்பதா வேண்டாமா என்று நான்கு பேர் பேசும் காட்சி அது. மூத்தவள் வசந்தா, நடுவன் சேகர், கடைசி முரளி, அப்பாவின் தம்பியான சித்தப்பா. நான் எழுதியிருந்தது இப்படி:

"வீட்டை வித்துடறதுதான் நல்லதுன்னு எனக்குத் தோணுது."

"எனக்கு அதுல விருப்பமில்லை. அப்பா கட்டின வீடு இது."

"அப்படின்னா யாரு இதைப் பராமரிக்கிறது?"

"அவசரப்பட வேண்டாம். யோசிச்சு முடிவெடுப்போம்."

'அப்பா' என்ற ஒரு சொல்லை விட்டால், நான்கு வரியையும் நான்கு பேரிடம் எப்படி மாற்றிக் கொடுத்தாலும் ஒன்றும் குறையாது. எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளம், எல்லாம் ஒழுங்காகப் போய் முடிகிறது, எல்லாரும் நினைத்ததை நினைத்தபடி முழுசாகச் சொல்லிவிடுகிறார்கள். கருத்து நான்கு, குரல் ஒன்று.

நான் முதலில் செய்த வைத்தியம் தப்பு. ஆளுக்கொரு சொல்லைக் கொடுத்தேன். சேகர் வாயைத் திறந்தாலே "நான் என்ன சொல்ல வர்றேன்னா" என்பான், சித்தப்பா எதற்கும் "அடடா" என்பார். பத்துப் பக்கம் தாண்டினால் சகிக்கவில்லை. அது பெயரை வேறு எழுத்தில் எழுதி நெற்றியில் ஒட்டுகிற வேலைதான், ஏனென்றால் அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் மீதி வாக்கியம் பழையபடி யாருடையதாகவும் இருக்கும். வட்டார வழக்கைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தேன், அதுவும் உதவவில்லை. ஒரே வீட்டில் வளர்ந்த மூன்று பேருக்கு ஒரே வழக்குதான் இருக்கும், அதில் போய் வித்தியாசம் காட்டினால் பொய்யாகத் தெரியும்.

சொற்கள் ஒன்றாக இருக்கும்போது மாறக்கூடியது வாக்கியம் எப்படிக் கட்டப்படுகிறது என்பது. தமிழில் இதற்கு நிறையவே இடம் இருக்கிறது. வினைமுற்றை முன்னால் தூக்கிப் போடலாம், எச்சத்தின் மேல் எச்சமாக அடுக்கி முற்றுக்கே வராமல் இழுக்கலாம், எதிராளியின் கடைசிச் சொல்லைப் பிடித்துத் திருப்பி எறியலாம், ஒரே சொல்லை இரண்டு முறை சொல்லி நகரலாம். ஆளுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். ஆனால் சீட்டுப் போட்டு அல்ல, அந்த ஆள் அந்த அறையில் எதற்குப் பயப்படுகிறார் என்று பார்த்து.

வசந்தா வீட்டுக்கு வரும்போதே முடிவு செய்துவிட்டு வந்தவள். அதனால் முடிவை முதலில் சொல்வாள், காரணத்தைப் பிறகு துண்டு துண்டாகப் போடுவாள். சேகருக்கு அக்காவும் வேண்டும், தம்பியும் வேண்டும்; வாக்கியத்தை முடித்தால் ஒரு பக்கம் சாய வேண்டியிருக்கும் என்பதால் அவன் முடிக்கவே மாட்டான், செய்து, போய், வந்து என்று எச்சங்களிலேயே நீந்துவான். முரளியிடம் இதுவரை யாரும் எதையும் கேட்டுச் செய்ததில்லை, ஆகவே அவனுக்கு எல்லாமே கேள்வி, அதுவும் முன்னால் பேசியவரின் சொல்லிலிருந்து பிறக்கிற கேள்வி. சித்தப்பாவுக்கு இந்த முடிவில் பங்கே கிடையாது. அது அவருக்கும் தெரியும். அவர் பழசைத்தான் பேசுவார், வினையை முன்னால் வைத்து ஆளைப் பின்னால் சொல்வார், ஒன்றைச் சொன்னால் அதையே இன்னொரு தடவை சற்று மாற்றிச் சொல்வார்.

இதை வைத்துத் திரும்ப எழுதியது:

"வித்துடலாம். கூரை ஒழுகுது. யாரும் வந்து இருக்கப்போறதில்லை."

"ஒழுகுதா? எப்பலேர்ந்து ஒழுகுது? நீ போய்ப் பார்த்தியா?"

"பார்த்தேன். போன மாசம்."

"போன மாசம் பார்த்துட்டு இப்பத்தான் சொல்றியா?"

"இல்லடா, அக்கா வந்து, முதல்ல என்கிட்ட சொல்லி, நான்தான் மெதுவா உன்கிட்ட சொல்லிக்கலாம்னு, நீ பாட்டுக்கு பதறிப்போய் வேலையை விட்டுட்டுக் கிளம்பி வந்து..."

"உனக்கும் தெரியுமா?"

"கட்டினப்பவே ஒழுகிச்சு அது. முதல் மழைக்கே ஒழுகிச்சு. சட்டி வச்சுப் பிடிச்சாரு அண்ணன், சட்டி வச்சே பத்து வருஷம் ஓட்டினாரு."

"இப்ப சட்டி வைக்க ஆள் இல்லை. வித்துடலாம்."

பெயர் ஒன்றுகூட இல்லை, ஆனாலும் குழப்பம் வராது என்று நினைக்கிறேன். இதில் நான் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. சேகர் முடிக்காமல் இழுத்தபோது அவனுக்கு முன்பே விஷயம் தெரியும் என்பது தானாக வெளியே வந்துவிட்டது. பழைய வடிவத்தில் இந்தச் செய்தியே இல்லை. வாக்கியம் நீண்டால் அதற்குள் எதையாவது போட்டாக வேண்டும், போடப்போகும்போது ஆள் உளறிவிடுகிறான்.

சரி, நமக்கே படித்துப் பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும், யார் பேசுகிறார் என்று தெரிந்துகொண்டுதானே எழுதினோம். அதனால் சோதனை வேண்டும். ஆளுக்கு ஆறு வரி, மொத்தம் இருபத்து நான்கு வரியை வேறு வேறு அத்தியாயங்களிலிருந்து எடுத்துக் கலைத்து, முதல் அத்தியாயத்தை மட்டும் படித்த ஒருவரிடம் கொடுத்து யார் வரி என்று எழுதச் சொன்னேன். கொடுக்கும் முன் அக்கா, அண்ணா, சித்தப்பா, டா எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். இதை மறந்துவிடாதீர்கள். தமிழில் முறைப்பெயரும் நீ, நீங்க வித்தியாசமும் பாதி அடையாளத்தைச் சொல்லிவிடும், அந்த ஊன்றுகோலோடு நடந்து பார்த்தால் கால் தேறிவிட்டதா என்று தெரியாது. (நாவலில் அவை இருக்கட்டும், சோதனைக்கு மட்டும்தான் நீக்குவது.)

மதிப்பெண் எவ்வளவு என்பதைவிட யாரை யாரோடு குழப்புகிறார் என்பதைப் பாருங்கள். சேகரும் சித்தப்பாவும் ஒரு வரிகூடத் தப்பவில்லை. வசந்தாவையும் முரளியையும்தான் மாற்றி மாற்றி எழுதியிருந்தார். ஏன் என்று பார்த்தால், இரண்டு பேருமே மூன்று நான்கு சொல்லில் வெட்டி வெட்டிப் பேசுகிறார்கள், போதாக்குறைக்கு நான் வசந்தாவுக்கும் அங்கங்கே கேள்விகள் கொடுத்திருந்தேன். அதற்கு ஒரு கண்டிப்பான விதி போட்டேன்: வசந்தாவின் எந்த வாக்கியத்திலும் கேள்விக்குறி வராது. அவளுக்கு ஒன்று தெரிய வேண்டுமென்றால் "எவ்வளவு?" என்று கேட்க மாட்டாள், "எவ்வளவுன்னு சொல்லு" என்பாள். முரளி நேர்மாறாக, கேள்வி கேட்காமல் இரண்டு வரிக்கு மேல் பேச மாட்டான். இந்த ஒரு மாற்றத்தில் வசந்தா இன்னும் ஒரு படி அதிகாரமான ஆளாகவும் ஆகிவிட்டாள்.

இதற்கு எல்லையும் உண்டு. "சரி", "ம்", "மணி ஆச்சு" போன்ற வரிகளில் எந்தத் தாளமும் ஒட்டாது, அங்கே ஒருவர் நாற்காலியை நகர்த்துவதையோ கண்ணாடியைக் கழற்றுவதையோ ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள், அவமானம் ஒன்றுமில்லை. எல்லா வரியிலும் முத்திரை குத்தவும் வேண்டாம். மூன்று வரிக்கு ஒன்று அழுத்தமாக அடையாளம் காட்டினால் நடுவில் உள்ளவற்றை யார் சொன்னது என்று வாசகரே வரிசையை வைத்துப் பிடித்துக்கொள்வார். வரிக்கு வரி காட்டினால் நாடகக் கோமாளிகள் ஆகிவிடுவார்கள்.

எனக்கு அதிகம் கஷ்டம் கொடுத்தது சண்டைக் காட்சி. அதுவரை நன்றாகப் பிரிந்திருந்த நான்கு குரலும் கோபம் வந்ததும் ஒன்றாகிவிட்டன. எல்லாரும் சின்னச் சின்ன வரியில், ஆச்சரியக்குறியோடு. கோபத்தில் எவரும் சுருக்கமாகத்தான் பேசுவார் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். கவனித்துப் பார்த்தால் அப்படி இல்லை, கோபத்தில் அவரவர் பழக்கம்தான் இன்னும் முற்றுகிறது. ஆகவே முரளியின் கேள்விகள் பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்தடுத்து வந்தன, சித்தப்பா இன்னும் முப்பது வருஷம் பின்னால் போனார், வசந்தாவின் வரி ஒரு சொல்லாகக் குறைந்து பிறகு அதுவும் நின்றது. சேகருக்கும் அதையே செய்து வாக்கியத்தை அரைப் பக்கம் நீட்டிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அங்கேதான் அவனுடைய பழக்கத்தை உடைக்க வேண்டும் என்று தோன்றியது. நாவல் முழுக்க ஒரு வாக்கியத்தையும் முடிக்காதவன் அந்த இடத்தில் "நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறான். இதை எழுதும்போது ஒரு சங்கடம் தெரிந்தது: ஐந்தாவது அத்தியாயத்தில் யோசிக்காமல் அவனுக்கு ஏற்கெனவே இரண்டு முழு வாக்கியங்கள் கொடுத்திருந்தேன். அவற்றைத் தேடிப் போய் உடைத்து எச்சமாக்கினேன். இல்லாவிட்டால் இந்த வரி வெறும் ஒரு வரியாகப் போயிருக்கும்.

உங்களிடம் ஆறேழு பேர் இருக்கிறார்கள் என்கிறீர்கள். ஒரே காட்சியில் நான்குக்கு மேல் என்னால் முடியவில்லை, ஐந்தாவது குரலைச் சேர்த்தவுடன் அது முன்னவற்றில் ஏதோ ஒன்றின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. என் கதையில் வசந்தாவின் கணவரும் சேகரின் மனைவியும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள். கணவரை நான் பேசவே விடவில்லை. சேகரின் மனைவி அடுத்த அறையிலிருந்து ஒரே ஒரு தடவை குரல் கொடுக்கிறாள், அதற்கு மட்டும் "என்றாள்" போட்டேன்.