இரண்டு நீல டிக் வராத ராத்திரி

கேள்வி: எனக்கு வயது 26. பர்கூரில் தனியார் பள்ளி ஆசிரியை. வீட்டில் பார்த்த வரன், ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. இரண்டு வாரமாக வாட்ஸ்அப்பில் பேசுகிறோம். நேற்று மாலை ஏழு மணிக்கு, "உங்க அம்மாவுக்கு என்னைப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டிருந்தேன். இரண்டு டிக் விழுந்தது, நீலமாகவில்லை. ஒன்பது மணிக்கு அவர் ஆன்லைனில் இருந்தார். பதில் இல்லை. பதினொன்றரைக்கு அந்த மெசேஜை டெலிட் செய்துவிட்டேன். அப்புறம் அதை நினைத்தே விடியவிடியத் தூக்கம் இல்லை. ஒவ்வொரு முறையும் இப்படித்தான் ஆகிறது. என்ன செய்வது?

பதில்:

முதலில் அந்த டிக் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். சாம்பல் நிற இரண்டு டிக் என்றால் உங்கள் மெசேஜ் அவருடைய போனைச் சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான். போன் லாக்கருக்குள் இருந்தாலும் நெட் ஓடினால் இரண்டு டிக் விழும். ஓசூர்ப் பக்கம் பல கம்பெனிகளில் ஷிப்ட் நேரத்தில் போனை உள்ளே கொண்டுபோக விடுவதில்லை. "ஆன்லைன்" என்றால் அந்த நிமிடம் அவர் வாட்ஸ்அப்பைத் திறந்திருக்கிறார் என்று மட்டும்தான் பொருள். வீட்டு குரூப்பைப் பார்க்கக்கூடத் திறந்திருக்கலாம். நீல டிக்கும் உறுதியான சாட்சி இல்லை. அந்த வசதியை அவர் அணைத்து வைத்திருந்தால் படித்தாலும் நீலமாகாது. மேலே வரும் நோட்டிபிகேஷனில் படித்தாலும் ஆகாது. ஆக, நேற்று ராத்திரி உங்களிடம் இருந்தது மிகக் குறைவான தகவல். மிச்சத்தையெல்லாம் மனசுதான் எழுதிச் சேர்த்தது.

இது தெரிந்தாலும் மனசு அடங்காது, அதுவும் எனக்குத் தெரியும். என்னிடம் வருகிற பலருக்கும் எண்ணங்களை நிறுத்த வேண்டும் என்பதுதான் ஆசை. நான் வேறு இடத்தில் கை வைக்கச் சொல்வேன். இந்தச் சுழலுக்குத் தீனி போடுவது, போனை எடுத்துப் பார்க்கிற பழக்கம். நெஞ்சு படபடக்கிறது, எடுத்துப் பார்க்கிறீர்கள், "பார்த்துவிட்டோம்" என்று ஒரு நிமிடம் ஆறுதல். அந்த ஆறுதலே மூளைக்குப் பாடமாகிவிடுகிறது: படபடத்தால் போனை எடு. அடுத்த முறை படபடப்பு இன்னும் சீக்கிரம் வரும். இதில் இன்னொரு சிக்கல், எப்போதாவது ஒருமுறை உண்மையிலேயே பதில் வந்திருக்கும். எப்போது இரை விழும் என்று தெரியாதபோதுதான் புறா விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும் என்று உளவியலாளர் ஸ்கின்னர் சோதனைகளில் காட்டினார். போனில் நம் விரல் செய்வதும் அதேதான்.

பாலக்கோட்டில் தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிற ஒரு தம்பி இதே சிக்கலோடு வந்தார். அவர் பேசிக்கொண்டிருந்த பெண் சேலத்தில் நர்ஸ். நான் முதலில் எதையும் மாற்றச் சொல்லவில்லை. ஒருநாள் முழுக்க, அந்தப் பெண்ணின் சாட்டைத் திறக்கும்போதெல்லாம் ஒரு கோடு போடச் சொன்னேன். மண்டியில் கிரேடு எண்ணுகிற மாதிரியே நாலு கோடு போட்டு, குறுக்கே ஐந்தாவதை இழுத்திருந்தார். எண்ணிப் பார்த்தால் 63. அதில் புது மெசேஜ் இருந்தது நாலே முறை. அந்தத் தாளை அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த நாளிலிருந்து நாலு நேரம் வைத்தோம்: காலை எட்டு, மதியம் ஒன்று, மாலை ஆறு, இரவு ஒன்பதரை. நடுவில் பார்ப்பதில்லை. "முதல் ஒரு மணி நேரம் கை தானா பாக்கெட்டுக்குப் போகுது மேடம்" என்றார். போகத்தான் செய்யும். அந்த நமநமப்பு ஏறும், உச்சிக்குப் போகும், நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டாலும் இறங்கும். பெரும்பாலும் அரை மணிக்குள் தணிய ஆரம்பித்துவிடும். ஆனால் அது இறங்குவதை நீங்களே ஒருமுறை பார்த்தால்தான் மூளை நம்பும். உச்சியில் இருக்கும்போது போனை எடுத்துவிட்டால் அந்தப் பாடம் நடக்காமலே போய்விடும்.

கூடவே இன்னொன்றும் செய்தார். பதில் தாமதமானால் மனசு சொல்கிற காரணத்தைத் தேதி போட்டு ஒரே வரியில் எழுதிவிடுவது. "சம்பளம் சொன்னது பிடிக்கல." "நான் ரொம்பப் பேசுறேன்னு நினைக்கிறா." உண்மை தெரிந்ததும் பக்கத்தில் எழுதுவது. முதல் வரிக்குப் பக்கத்தில் பிறகு எழுதியது: "நைட் டூட்டி முடிச்சு தூங்கிட்டா." இரண்டு வாரத்தில் ஒன்பது வரி சேர்ந்தது. எட்டு தப்பு. ஒன்று சரி, அந்தப் பெண்ணுக்கு உண்மையிலேயே ஒரு வருத்தம் இருந்தது, போனில் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். அந்த ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். "எல்லாம் உன் கற்பனை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சில நேரம் மனசு சொல்வது சரியாகவும் இருக்கும். ஆனால் 63 முறை பார்த்ததால் அது தெரியவரவில்லை, பேசியதால்தான் தெரிந்தது.

நீங்கள் இன்று செய்யக்கூடியது ஒன்று உண்டு. வாட்ஸ்அப்பில் Settings, Privacy, Last seen and online என்று போய் உங்களுடையதை மறைத்துவிடுங்கள். உங்களுடையதை மறைத்தால் மற்றவர்களுடையதும் உங்களுக்குத் தெரியாது. வேண்டியது அதுதான். ஒன்பது மணிக்கு அவர் ஆன்லைனில் இருந்தார் என்ற செய்தியே உங்களிடம் வந்திருக்காது. அப்புறம் நேரம் வையுங்கள். பள்ளியில் இருப்பதால் இடைவேளை, மதியச் சாப்பாடு, மாலை வீடு வந்ததும், இரவு ஒன்பது என்று வைத்துக்கொள்வது உங்களுக்குச் சுலபம். ஒன்பதுக்கு மேல் போனை வேறு அறையில் சார்ஜ் போட்டுவிடுங்கள், அலாரத்துக்குத் தனியாக ஒரு கடிகாரம் போதும். ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தோழிக்கு அனுப்பி "இதுக்கு என்னடி அர்த்தம்?" என்று கேட்பதும் போனைப் பார்ப்பது மாதிரிதான், அதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஒரு நாள் தாமதத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பார்க்க வேண்டியது மூன்று நான்கு வாரத்தின் போக்கை. எப்போதும் நீங்களே ஆரம்பிக்கிறீர்கள், கேட்டதற்கு ஒற்றை வார்த்தைதான் வருகிறது, போனில் பேசலாம் என்றால் தள்ளிப்போடுகிறார் என்றால் அதில் செய்தி இருக்கிறது. அப்போது அவரிடமே நேராகக் கேளுங்கள். தயக்கமாக இருந்தால் வீட்டுப் பெரியவர் வழியாகக் கேட்பதில் தப்பில்லை. வரன் பேச்சில் அந்த வழி நமக்குத் திறந்தே இருக்கிறது.

இது இவரோடு மட்டுமில்லாமல் பள்ளி, பணம், உடம்பு என்று எல்லாவற்றிலும் பல மாதமாக நடக்கிறது, தூக்கமும் சாப்பாடும் கெடுகிறது என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. போனில் பேச வேண்டுமானால் டெலி மானஸ், 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

டெலிட் செய்த மெசேஜுக்கு வருகிறேன். அவர் பக்கத்தில் "This message was deleted" என்று தெரியும், அல்லது நோட்டிபிகேஷனில் அதை முன்பே படித்திருக்கலாம். அதனால் மறைக்கப் பார்க்க வேண்டாம். விளக்கமும் மன்னிப்பும் நீளமாக எழுத வேண்டாம். நாளை மாலை வரை அவராக எதுவும் அனுப்பாவிட்டால் ஒரே ஒரு மெசேஜ் போடுங்கள்: "முந்தாநாள் உங்க அம்மா என்னைப் பத்தி என்ன நினைக்கிறாங்கன்னு கேட்டிருந்தேன், கூச்சத்துல அழிச்சுட்டேன். நேரம் இருக்கும்போது போன்ல பேசுவோமா?" அனுப்பியதும், அவர் பதில் தராமல் விட்டால் என்ன காரணம் என்று மனசு சொல்வதைத் தாளில் ஒரு வரி எழுதிவிட்டு, போனை அடுத்த அறையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போங்கள்.