மெய்யர், பொய்யர் புதிர்: வந்த விடையைச் சரிபார்ப்பது எப்படி?

கேள்வி: மூவரில் ஒவ்வொருவரும் எப்போதும் உண்மையே பேசும் மெய்யர், இல்லையென்றால் எப்போதும் பொய்யே பேசும் பொய்யர். கண்ணன், "நாங்கள் மூவருமே பொய்யர்கள்" என்கிறான். வேலன், "எங்களில் ஒருவர்தான் மெய்யர்" என்கிறான். மணி பேசவில்லை. வேலன் மட்டும் மெய்யர் என்று எனக்கு விடை வந்தது. சரிதானா என்று எப்படி உறுதிசெய்வது?

பதில்: விடை சரி. ஆனால் அது பொருந்துகிறது என்று பார்த்தால் மட்டும் போதாது, வேறு விடை பொருந்தாது என்றும் காட்ட வேண்டும். அதற்குத்தான் ஒவ்வொருவர் பேச்சையும் உண்மை என்றும் பொய் என்றும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கிறோம்.

கண்ணன் சொன்னது உண்மையென்றால் அவனும் பொய்யன் ஆகிறான். பொய்யன் உண்மை பேச மாட்டான், ஆக முரண். எனவே அவன் பொய்யன், அவன் பேச்சும் பொய். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். "மூவரும் பொய்யர்" என்பது பொய்யானால் மூவரும் மெய்யர் என்று ஆகாது. ஒருவராவது மெய்யர் என்று மட்டுமே ஆகும்.

இனி வேலன். அவன் சொன்னது உண்மையென்றால் அவனே அந்த ஒரே மெய்யன், மணி பொய்யன். முரண் இல்லை. பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள், நீங்கள் நிறுத்தாதீர்கள். வேலன் சொன்னது பொய் என்று வையுங்கள். கண்ணனும் வேலனும் பொய்யர்கள் என்பதால் மிச்சம் மணி மட்டும்தான். மணி மெய்யன் என்றால் மெய்யர் சரியாக ஒருவர், வேலன் சொன்னது உண்மையாகிவிடும். மணியும் பொய்யன் என்றால் கண்ணன் சொன்னது உண்மையாகிவிடும். இரண்டு வழியும் அடைபட்டன.

இந்தக் கடைசிச் சோதனை வீண்வேலை அல்ல. வேலன் எதுவும் பேசாமல், கண்ணன் "வேலன் மெய்யன்" என்று மட்டும் சொல்லியிருந்தால், இருவரும் மெய்யர் என்பதும் பொருந்தும், இருவரும் பொய்யர் என்பதும் பொருந்தும்.