பதில் சொல்லாத அந்த 50 குடும்பங்கள்

கேள்வி: அடுத்த மாதம் தங்கைக்குக் கல்யாணம். 120 குடும்பங்களுக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பிதழ் அனுப்பி, வருகிறீர்களா என்று சொல்லச் சொன்னேன். 70 பேர்தான் பதில் போட்டிருக்கிறார்கள். இரண்டு தடவை நினைவூட்டியும் மீதி 50 பேரிடமிருந்து சத்தமே இல்லை. சமையல்காரர் ஒரு வாரத்துக்கு முன்னாலேயே எண்ணிக்கை வேண்டும் என்கிறார். திரும்பத் திரும்பக் கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்றும் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அந்த 50 பேருக்கும் உங்கள் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று முதலில் பாருங்கள். பிராட்காஸ்ட் லிஸ்ட் மூலம் அனுப்பியிருந்தால், உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது போகும். அப்பாவின் பழைய நண்பர்கள், மாப்பிள்ளை வீட்டாரின் உறவினர்கள் எல்லாம் உங்கள் எண்ணைச் சேமித்திருக்க வாய்ப்பு குறைவு. அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து, அதன் விவரத்தைத் திறந்தால் யாருக்குச் சேர்ந்தது, யார் படித்தார்கள் என்று தெரியும். "சேர்ந்தது", "படித்தது" என்ற இரண்டு பட்டியலிலும் பெயரே இல்லாதவர்களுக்கு நினைவூட்டிப் பயனில்லை, அவர்களுக்கு இன்னும் அழைப்பே போகவில்லை. அவர்களைப் போனில் கூப்பிட்டு, புதிதாக அழைப்பது போலவே அழையுங்கள். படித்ததற்கான அடையாளம் இல்லை என்பதை மட்டும் வைத்து ஒருவர் படிக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். அந்த அடையாளத்தை அணைத்து வைத்திருப்பவர்கள் நிறைய உண்டு.

அப்புறம், பதில் போட்ட 70 பேரையும் ஒரு தடவை திரும்பப் பாருங்கள். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். கட்டைவிரல் படம், "வாழ்த்துகள்", கும்பிடும் கை இதெல்லாம் பதில் மாதிரித் தெரியும், ஆனால் வருகிறார்கள் என்று அர்த்தமில்லை. "வர்றோம்" என்று எழுதியவர்களிலும் எத்தனை பேர் என்று சொல்லாதவர்கள் இருப்பார்கள். சமையல்காரருக்குக் குடும்பக் கணக்கு உதவாது, தலைக்கணக்குதான் வேண்டும். எண் தெரியாத எந்தப் பதிலையும் பாதிப் பதிலாகவே வையுங்கள்.

இதற்கு ஒரு தாள் போதும், கம்ப்யூட்டரில் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு குடும்பத்துக்கு ஒரு வரி. அதில் பெயர், போன் எண், நம் வீட்டில் அவர்களுக்கு நெருக்கமானவர் யார், நிலை, எத்தனை பேர், கடைசியாக எப்போது கேட்டோம். நிலை என்ற கட்டத்தில் நான்கே சொற்களை வைத்துக்கொள்ளுங்கள்: வருகிறார்கள், இல்லை, பார்க்கிறார்கள், கேட்கவில்லை. ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக எழுதினால் கூட்டல் தப்பாகும். நிலை D கட்டத்திலும் தலைக்கணக்கு E கட்டத்திலும் இருந்தால் மொத்தம் இப்படி வரும்:

```
=SUMIF(D:D,"வருகிறார்கள்",E:E)
```

தாளை ஒருவர் மட்டும் திருத்த வேண்டும். கணவர் ஒருவரிடம் நான்கு பேர் என்று சொல்லியிருப்பார், மனைவி இன்னொருவரிடம் மூன்று பேர் என்று சொல்லியிருப்பார். இருவர் எழுதினால் அது ஏழாகிவிடும்.

இனி கேட்கும் முறை. குழுவில் இன்னொரு நினைவூட்டல் போடாதீர்கள். பொதுவாகப் போடும் செய்தியை எல்லோரும் மற்றவர்களுக்கானது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாக, உறவு சொல்லி எழுதுங்கள். "வருவீர்களா" என்று மட்டும் கேட்டால் மரியாதைக்காவது "கண்டிப்பாக" என்று சொல்லிவிடுவார்கள், அந்தக் கண்டிப்பாகவை நம்பிச் சமைக்க முடியாது. எண்ணில் பதில் வரும்படி கேளுங்கள்:

"சித்தப்பா, உங்கள் வீட்டிலிருந்து எத்தனை பேர் வருகிறீர்கள் என்று சொன்னால் சாப்பாட்டுக்குச் சொல்லிவிடுவேன். முந்தின நாள் இரவே வருவீர்களா, காலையில் வருவீர்களா? வர முடியாத நிலை என்றாலும் தயங்காமல் சொல்லுங்கள், நான் தப்பாக நினைக்க மாட்டேன்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பதில் சொல்லாதவர்களில் பலர் வர முடியாதவர்கள்தான். இல்லை என்று சொல்ல மனமில்லாமல் தள்ளிப் போடுகிறார்கள். அந்தக் கதவை நீங்களே திறந்துவிட்டால் அன்றைக்கே பதில் வரும்.

இரண்டு நாளில் பதில் இல்லையென்றால் போன். அதை நீங்களே எல்லோருக்கும் செய்ய வேண்டாம். பெரியப்பாவின் நண்பரைப் பெரியப்பா கூப்பிடட்டும், அம்மாவின் தோழியை அம்மா கூப்பிடட்டும். வயதில் பெரியவர்களிடம் எடுத்த எடுப்பில் எண்ணிக்கை கேட்டால் தங்களைக் கணக்கெடுக்கிறார்கள் என்று மனம் வருந்துவார்கள். உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்து, இன்னொரு முறை வாயால் அழைத்து, எப்படி வரப்போகிறார்கள், உடன் யார் வருகிறார்கள் என்று கேட்டாலே எண் தானாக வந்துவிடும். நீங்கள் பயப்படும் கோபம் கேட்பதால் வருவதில்லை. அழைத்தவர் நேரில் பேசவில்லையே என்பதால்தான் வருகிறது. ஒருவருக்கு இரண்டு போன், அதற்கு மேல் வேண்டாம்.

நாள் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். சமையல்காரருக்கு 7 நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்றால், தாள் 9 நாள் முன்னால் முடிந்திருக்க வேண்டும். அப்படியானால் தனிச் செய்திகள் 16 நாள் முன்னால் போக வேண்டும், போன்கள் 14 நாள் முன்னால் தொடங்க வேண்டும்.

உங்கள் 120 குடும்பத்தையே வைத்து ஒரு கணக்குப் பார்ப்போம். பதில் போட்ட 70-இல் 41 குடும்பம் தெளிவாக எண் சொன்னது, மொத்தம் 118 பேர் என்று வைத்துக்கொள்வோம். 12 குடும்பம் வரவில்லை. வெறும் வாழ்த்து அனுப்பிய 17 குடும்பத்தைத் திரும்பக் கேட்டதில் 15 குடும்பம், 40 பேர் வருகிறார்கள். சத்தமில்லாத 50-இல், கேட்டு முடித்தபோது 27 குடும்பம் வருகிறது, 71 பேர். 12 குடும்பம் இல்லை என்றுவிட்டது. 7 குடும்பம் "பார்க்கிறோம்", அது 20 பேர். 4 குடும்பம் போனையே எடுக்கவில்லை, அது 11 பேர். உறுதியானவர்கள் 118, 40, 71 சேர்த்து 229.

"பார்க்கிறோம்" என்பவர்களில் பாதியையும், போன் எடுக்காதவர்களில் கால் பங்கையும் சேர்ப்பது என் வழக்கம். அது 10-ம் 3-ம் சேர்த்து 242 ஆகும். இந்த விகிதம் கல்லில் பொறித்ததல்ல. தங்கையின் நெருங்கிய தோழி "பார்க்கிறேன்" என்றால் முழுதாகவே சேர்த்துவிடுங்கள். வெளியூரில் கைக்குழந்தையோடு இருப்பவர் சொன்னால் விட்டுவிடுங்கள்.

சமையல்காரரிடம் 242 என்று ஒற்றை எண்ணாகச் சொல்லாதீர்கள். "230 பேர் உறுதி, 250 வரை போகலாம், சமாளிப்பீர்களா?" என்று கேளுங்கள். நீங்கள் பத்துப் பதினைந்து கூட்டிச் சொல்ல, அவர் தன் பங்குக்கு இன்னும் கூட்டிச் சமைக்க, மிச்சமாவது இப்படித்தான். அவர் எவ்வளவு கூடுதலாகச் செய்வார், எந்த எண்ணுக்குக் காசு வாங்குவார் என்பதை அப்போதே பேசிவிடுங்கள்.

எண் கொடுத்த பிறகும் ஒருவர் இருவர் கூடும், குறையும். அதற்கெல்லாம் சமையல்காரரைக் கூப்பிட வேண்டாம். உறுதி சொன்னவர்களிலும் காய்ச்சல், லீவு கிடைக்காதது என்று சிலர் நின்றுவிடுவதால் பெரும்பாலும் அது சரிக்குச் சரியாகிவிடும். மொத்தம் பத்துக்கு மேல் மாறினால் மட்டும் உடனே சொல்லுங்கள்.