பொங்கல் இரவு லைவ் ரீவியில சுத்தாம ஓட குவாலிற்றி எதில வைக்கிறது?

கேள்வி: வீடு முள்ளியவளை. 4ஜி ரவுட்டர், 32 இஞ்சி ஸ்மார்ட் ரீவி. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலை யூரியூப் லைவ்ல போட்டா சுத்திக்கொண்டே நிக்குது, ஆனா கனடாவில இருக்கிற சித்தப்பாவுக்கு வடிவா ஓடுதாம். குவாலிற்றியை எதில வைக்கிறது?

480p இல வையுங்கோ. Auto இல விடாதேங்கோ, நீங்களே ரிமோட்டால தெரிவு செய்து வையுங்கோ, வச்ச கையோட ரெண்டு நிமிசம் பின்னுக்கு இழுத்து விட்டிட்டுப் பாருங்கோ. இந்த ரெண்டும் சேந்தாத்தான் வேலை செய்யும், குவாலிற்றியை மட்டும் குறைச்சுப் போட்டு லைவ்ன்ர நுனியில, அதாவது இப்ப நடக்கிற இடத்திலயே, நிண்டு பாத்தா திருப்பியும் சுத்தும்.

முதல்ல சித்தப்பாவின்ர கதைக்கு வாறன், உங்கட கேள்வியில முக்கியமான விசயம் அதுதான். அவருக்கு வடிவா ஓடுது எண்டா கோயில்ல இருந்து ஏத்துற பக்கம் பிழையில்லை, ஸ்ட்ரீம் யூரியூப்புக்கு ஒழுங்காப் போய்ச் சேருது. அங்க இருந்து உங்கட வீட்டுக்கு வாற கடைசித் துண்டிலதான் பிரச்சினை. முள்ளியவளையும் வற்றாப்பளையும் எவ்வளவு கிட்ட எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, பொங்கலுக்கு எல்லாப் பக்கத்தாலயும் சனம் வந்து இறங்கேக்க அவ்வளவு பேரும் போனோடதான் வருவினம், அதில கனபேர் வீடியோ அனுப்பிக்கொண்டும் வீடியோ கோல் எடுத்துக்கொண்டும் நிப்பினம். உங்கட ரவுட்டர் பிடிக்கிறதும் அந்தப் பக்கத்து ரவர்களைத்தான். ஒரு ரவரால குடுக்கக்கூடிய வேகத்தை அதில தொங்கிற எல்லாரும் பங்கு போடினம், அதால கோயிலுக்குக் கிட்ட இருக்கிற வீட்டுக்குத்தான் அண்டைக்கு நெற் ஆகலும் குறைவு, ரொறன்ரோவில பைபர் லைன்ல இருக்கிறவருக்கு இதொண்டும் தெரியாது. ரவுட்டர்ல சிக்னல் கம்பி எல்லாம் நிறைய நிக்கும், ஆனா வேகம் வராது. கம்பி காட்டுறது ரவர் எவ்வளவு பலமாக் கேக்குது எண்டதை மட்டும்தான், அதில எத்தினை பேர் தொங்கினம் எண்டதை இல்லை.

இனி எந்தக் குவாலிற்றிக்கு எவ்வளவு வேகம் வேணும் எண்டு பாப்பம். யூரியூப்பே சொல்லுற கணக்கு, 1080p க்கு 5 எம்பிபிஎஸ், 720p க்கு 2.5, 480p க்கு 1.1, 360p க்கு 0.7. இது வந்து விழவேண்டிய வேகம் மட்டும் இல்லை, விடாம வந்துகொண்டே இருக்கவேண்டிய வேகம். ஸ்பீட் ரெஸ்ட் போட்டுப் பாத்து 6 காட்டுது எண்டு சந்தோசப்படுற ஆக்கள் இருக்கினம், ஆனா அது அந்த அரை நிமிசத்தின்ர கதை, அடுத்த நிமிசம் 1 க்கு இறங்கினா லைவ் நிண்டிடும். அதனால ரெஸ்ட்டை விட ரீவியிலயே பாக்கிறது நல்லம். லைவ் ஓடிக்கொண்டிருக்கேக்க ரிமோட்டில கீழ அமத்தி செற்றிங் சில்லுக்குப் போனா Quality எண்டு ஒண்டு இருக்கும், அதே இடத்தில Stats for nerds எண்டும் ஒண்டு இருக்கும், அதைப் போட்டு விடுங்கோ. திரையில கன எழுத்து வரும், எல்லாத்தையும் பாக்க வேண்டாம், ரெண்டே ரெண்டு வரி போதும். Connection Speed எண்டது உங்களுக்கு இப்ப வாற வேகம், கேபிபிஎஸ்ல இருக்கும், ஆயிரத்தால பிரிச்சா எம்பிபிஎஸ். Buffer Health எண்டது இன்னும் எத்தினை செக்கனுக்கான படம் ரீவியின்ர கையில இருக்கு எண்டது.

உதாரணத்துக்கு உங்கட வீட்டு நிலமை மாதிரி ஒண்டை எடுப்பம். பின்னேரம் Connection Speed 7000 கிட்ட நிக்கும், 720p வடிவா ஓடும். ராத்திரி சனம் கூடக் கூட அது 2800, பிறகு 1600, பேந்து திருப்பி 2500 எண்டு ஏறி இறங்கும். 720p க்கு 2500 வேணும், அப்ப ஏறேக்க சரி, இறங்கேக்க காணாது. Buffer Health 8, 5, 2 எண்டு கரைஞ்சு 0 ஆன உடன வட்டம் சுத்தத் தொடங்கும். இதில 480p க்கு வந்தா 1100 போதும், ஆக இறங்கின 1600 க்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கு. நான் பாக்கிற அளவுகோல் இதுதான், ஒரு அஞ்சு நிமிசம் பாத்து அதில வாற ஆகக்குறைஞ்ச இலக்கத்துக்குள்ள அடங்கிற குவாலிற்றியை எடுக்கிறது, கூடின இலக்கத்தைப் பாக்கிறேல்ல. ஆகக்குறைஞ்சது 1100 க்குக் கீழ போகுதெண்டா 360p தான், யோசிக்காதேங்கோ.

Auto ஏன் வேண்டாம் எண்டா, சாதாரண வீடியோவுக்கு அது நல்லாத்தான் வேலை செய்யுது, லைவ்லதான் இடறுது. வேகம் ஏறின உடன 1080 க்குத் தாவும், இறங்கின உடன சறுக்கும், ஒரு பாரமான துண்டை இறக்கிக்கொண்டிருக்கேக்கயே வேகம் விழுந்தா அந்தத் துண்டு முடிய முதல் கையில இருந்த பஃபர் தீந்திடும். பதிவு செய்த வீடியோ எண்டா முன்கூட்டியே கனக்க இறக்கி வச்சிருக்கும், ஆனா லைவ்ல இனிமேல் நடக்கப்போற பூசையை ஆராலும் இறக்கி வைக்கேலாது. நீங்கள் நுனியில நிண்டா ரீவியிட்ட இருக்கக்கூடியது ஒரு சில செக்கன் படம் மட்டும்தான், குவாலிற்றியைக் குறைச்சாலும் அது கூடப்போறதில்லை.

அதாலதான் பின்னுக்கு இழுக்கச் சொன்னன். ரிமோட்டில இடது பக்கத்தை அமத்தி ரெண்டு நிமிசம் பின்னுக்குப் போனா, அந்த ரெண்டு நிமிசமும் ஏற்கனவே நடந்து முடிஞ்சது, யூரியூப்பிட்ட இருக்கு. வேகம் வாற நேரம் ரீவி அதை முன்னுக்கே இறக்கி வைக்கும், Buffer Health மெதுவா ஏறுறதைக் கண்ணால காணலாம், முப்பது செக்கனுக்குக் கிட்ட நிண்டா இடையில இருபது செக்கன் நெற் செத்தாலும் வீட்டில ஒருத்தருக்கும் தெரியாது. மலிவான ரீவிகளில மெமரி குறைவு, அதுகள் இவ்வளவு வச்சிருக்காது, எண்டாலும் நுனியில நிக்கிறதை விட நல்லம். Live எண்ட பட்டனை மட்டும் அமத்திப் போடாதேங்கோ, திருப்பி நுனிக்குக் கொண்டுபோய் விட்டிடும். சில சனல்காரர் பின்னுக்குப் போற வசதியை நிப்பாட்டி வச்சிருப்பினம், அப்படியெண்டா குவாலிற்றியை இன்னும் ஒரு படி இறக்கிறதைத் தவிர வழியில்லை.

வீட்டில பெரியாக்கள் இருந்தா, தீபாராதனை நேரம் நாங்களும் சரியா அதே நேரத்துக்குக் கற்பூரம் கொளுத்தோணும், பிந்தக்கூடாது எண்டுவினம். அது அவையின்ர நம்பிக்கை, மதிக்கத்தான் வேணும். ஆனா நுனியில பாத்தாலும் லைவ் எப்பவும் கொஞ்சம் பிந்தித்தான் வரும், சனல்காரர் வச்சிருக்கிற செற்றிங்கைப் பொறுத்து ஒரு சில செக்கன்ல இருந்து அரை நிமிசம் மட்டும் போகும். சரியான நேரம் வேணும் எண்டா கோயில்ல நிக்கிற ஒருத்தரைச் சாதாரண கோல் எடுத்துச் சொல்லச் சொல்லுறதுதான் வழி.

480p எண்டா தெளிவில்லாம இருக்குமோ எண்டு யோசிப்பீங்கள். 32 இஞ்சி ரீவியை எட்டடி தள்ளி இருந்து பாக்கேக்க 720 க்கும் 1080 க்கும் வித்தியாசம் பிடிக்கிறதே கஸ்ரம், 480 கொஞ்சம் மங்கலாத் தெரியும், ஆனா ஆக்கள் முகம் விளங்கும். அதோட இது இரவு நேரம். இருட்டில கமராவுக்கு வெளிச்சம் காணாம படம் முழுக்கப் புள்ளி புள்ளியாத் துடிக்கும், கற்பூரப் புகை வேற, காவடி ஆட்டம் வேற. இப்படி ஒவ்வொரு பிறேமும் மாறிக்கொண்டிருக்கிற படத்தை அமத்தி அனுப்பிறது சரியான கஸ்ரம், அதால 1080p எண்டு போட்டிருந்தாலும் கட்டம் கட்டமாத்தான் உடையும். கடல் தண்ணியில எரியிற விளக்கைக் கிட்டக் காட்டேக்க கவனிச்சுப் பாருங்கோ, சுடரைச் சுத்தின இருட்டில சதுரம் சதுரமா ஊருறது தெரியும், அது உங்கட ரீவியில பிழையில்லை, குவாலிற்றியைக் கூட்டினாலும் போகாது. பறை, உடுக்குச் சத்தம், பாட்டு எல்லாம் 480p இலயும் நல்லாத்தான் கேக்கும், சத்தத்துக்குப் போற டேட்டா படத்தோட பாக்கேக்க மிச்சம் குறைவு.

டேட்டா எண்டோடன இதையும் சொல்லவேணும். 480p எண்டா மணித்தியாலத்துக்கு அரை ஜிபி அளவில, 720p எண்டா ஒண்டுக்குக் கொஞ்சம் மேல, 1080p எண்டா ரெண்டே கால். பத்து மணித்தியாலம் விடிய விடியப் போட்டு வைக்கிற வீட்டில இது அஞ்சு ஜிபிக்கும் இருபத்திரண்டு ஜிபிக்கும் உள்ள வித்தியாசம்.

வீட்டுக்குள்ளயும் ரெண்டு விசயம் பாக்கோணும். போன் திரையை அப்படியே ரீவியில தெரியப் பண்ணிப் பாக்கிறீங்களெண்டா அதை விட்டிடுங்கோ, வாறது போனுக்கு வந்து திருப்பி வைபையால ரீவிக்குப் போகுது, ஒரே வைபையில ரெண்டு பயணம். ரீவியில இருக்கிற யூரியூப்பைத் திறவுங்கோ, இல்லாட்டி போன்ல இருக்கிற காஸ்ற் பட்டனால அனுப்புங்கோ, அப்ப ரீவி நேராவே இறக்கும், போன் ரிமோட் மாதிரித்தான். மற்றது, சித்தப்பாவோட வீடியோ கோல்ல கதைச்சுக்கொண்டே லைவ் பாக்கிறது. அந்தக் கோலும் உங்கட அந்த 1600 க்குள்ள இருந்துதான் எடுக்குது. குரல் கோல் எண்டா பரவாயில்லை.

சித்தப்பாவுக்கும் சேத்து நிண்டா அது வேற கதை. அப்ப கோயில்ல இருந்து ஏத்திறவரின்ர பக்கம் விழுந்திட்டு, அவரும் சிம் போட்டு அதே நெருக்கடிக்குள்ள ஏத்தினா அப்பிடித்தான் ஆகும். அதை உறுதிப்படுத்த, லைவ் சுத்திக்கொண்டிருக்கேக்க ஏதாவது ஒரு பழைய வீடியோவை 480p இல போட்டுப் பாருங்கோ, அது விக்காம ஓடினா உங்கட நெற் சரி, உங்கட பக்கம் எந்தக் குவாலிற்றி மாத்தினாலும் பலனில்லை. அதே பொங்கலை வேற சனலும் போட்டா அதுக்கு மாறுங்கோ. நான் தேடுறது ஸ்ராண்டில வச்ச ஒரு கமராவால ஆடாம எடுக்கிற சனலை, 720p எண்டாலும் பரவாயில்லை, சனத்துக்குள்ள போனைத் தூக்கிக்கொண்டு ஓடுற 1080p ஐ விட அது ரீவியில பாக்க எவ்வளவோ மேல்.

இவ்வளவும் செய்தும் சரிவரேல்லை எண்டா விடியப் பாருங்கோ, சனம் கலைஞ்சாப் பிறகு ரவரும் ஆறிப் போயிருக்கும், அதே பொங்கலை 1080p இலயே பாக்கலாம். ஆனா ஒரு விசயம், 12 மணித்தியாலத்துக்கு மேல ஒரே ஸ்ட்ரீமா ஓடினா யூரியூப் அதை முழுசாச் சேமிச்சு வைக்காது. சனல்காரரைத் தெரிஞ்சிருந்தா, பின்னேரத்தை ஒண்டாவும் இரவை இன்னொண்டாவும் பிரிச்சுப் போடச் சொல்லி இப்பவே கேட்டு வையுங்கோ.