தெலுங்கு வீட்டுத் துணைக்குப் பரீட்சைக்கு முன் நாலு வார்த்தை: கேள்வி பதில்

பழைய வண்ணாரப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ். பல வருஷமாக மாலை நேரத்தில் பேச்சுத் தெலுங்கு சொல்லிக்கொடுக்கிறேன், பெரும்பாலும் தெலுங்கு வீட்டில் பெண் எடுத்தவர்களுக்கும் கொடுத்தவர்களுக்கும். தெலுங்கு என்றால் நன்றாகப் பதில் சொல்வேன். ஹிந்தி ஓரளவு. மற்றதற்கு என்னைப் பிடிக்காதீர்கள்.

வியாசர்பாடி, கணவர்: மனைவிக்கு ஞாயிற்றுக்கிழமை குரூப் 4. அவர் தாய்மொழி தெலுங்கு, எனக்குத் தெரியாது. "தேர்வில் வெற்றி பெற இதயம் கனிந்த வாழ்த்துகள்" என்பதைத் தெலுங்கில் எழுதித் தர முடியுமா?

முடியும், ஆனால் தர மாட்டேன். அது கட்அவுட்டில் எழுதுகிற வாசகம். எந்தத் தெலுங்கு வீட்டிலும் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிற பெண்ணிடம் யாரும் அப்படிப் பேசுவதில்லை. உங்கள் அம்மா என்ன சொல்வார்? "நல்லா எழுதிட்டு வா." அவ்வளவுதானே. தெலுங்கிலும் அதேதான்: பாகா ராசி ரா. பாகா என்றால் நன்றாக, ராசி என்றால் எழுதி, ரா என்றால் வா. குரூப் 4-இல் 200 கேள்விக்கும் வட்டம்தான் கருக்கப் போகிறார், ஆனாலும் தமிழில் சொல்வது போலவே தெலுங்கிலும் பரீட்சையை "எழுதுவது"தான். "பாகா ராயி" (நன்றாக எழுது) என்று மட்டும் நிறுத்தினாலும் தப்பில்லை. ஆனால் அந்த "ரா" முக்கியம். நம் வீடுகளில் "போறேன்" என்று சொன்னால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள் இல்லையா, தெலுங்கு வீட்டிலும் அப்படித்தான், போய்த் திரும்பி வருவது சொல்லுக்குள் இருக்க வேண்டும்.

இதற்கு முன்னால் இன்னொரு வரி சேர்க்கலாம்: நீக்கு அன்னீ வச்சு. உனக்கு எல்லாம் தெரியும் என்று பொருள். "நீ ஜெயிப்பாய்" என்பதைவிட இது எனக்குப் பிடிக்கும். ஜெயிப்பது யார் கையில் இருக்கிறதோ தெரியாது, ஆறு மாதம் படித்தது அவர் தலையில் இருக்கிறது, அதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

அடுத்தது எழுத்து. அவருக்குத் தெலுங்கு எழுத்து வாசிக்க வருமா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நம் பக்கத்துத் தெலுங்கு வீடுகளில் பாதிப் பேருக்கு வராது. என் தலைமுறையிலேயே நிறையப் பேர் தமிழ் மீடியம், 2006-இல் தமிழ் கட்டாயப் பாடம் ஆன பிறகு படித்தவர்களில் இன்னும் குறைவு. வாசிக்கத் தெரியாதவருக்குத் தெலுங்கு எழுத்தில் அனுப்பினால், காலை எட்டு மணிக்கு அதை யாரிடம் காட்டி அர்த்தம் கேட்பது என்று அவர் தேட வேண்டியிருக்கும். தமிழ் எழுத்திலேயே அனுப்புங்கள்.

ஆனால் தமிழ் எழுத்தில் ஒரு பள்ளம் உண்டு. நம்மிடம் "க" ஒன்றுதான், இடையில் வந்தால் மெலிந்துவிடும். என் கல்யாணமான புதிதில் எனக்கு ஒரு வங்கிப் பரீட்சை. கணவர் தமிழர், யாரையோ கேட்டு ஒரு துண்டுக் காகிதத்தில் "டென்ஷன் படகு" என்று எழுதி டிபன் பாக்ஸ் மூடியில் ஒட்டியிருந்தார். டென்ஷன் ஆகாதே என்று அர்த்தம். நான் காசிமேட்டுப் பக்கம் போய்வருகிறவள், எனக்குப் படகாகத்தான் தெரிந்தது, இது என்ன படகு என்று பஸ்ஸில் மூலக்கடை வரை யோசித்தேன். "படக்கு" என்று ஒரு க் கூடப் போட்டிருந்தால் பிடிபட்டிருக்கும். "அன்னீ" என்பதில் நெடில் விட்டால் அண்ணி மாதிரி ஆகிவிடும், கவனம். "ராசி" மட்டும் தமிழில் வாசித்தாலும் நல்லதாகவே இருக்கிறது, அதை அப்படியே விடுங்கள்.

கடைசியாக ஒன்று. சீட்டு எழுதி ஹால் டிக்கெட்டோடு, பேனா பவுச்சில் எல்லாம் வைக்காதீர்கள். ஹாலில் கண்காணிப்பாளருக்கு உங்கள் காதல் தெரியாது, துண்டுச் சீட்டுதான் தெரியும். வீட்டை விட்டுக் கிளம்பும் முன் வாட்ஸ்அப்பில், இல்லை டிபன் மூடியில்.

ராயபுரம், மனைவி: என் கணவர் தெலுங்கு. திங்கள்கிழமை கம்பெனி இன்டர்வியூ. நான் எல்லாரிடமும் "நீங்க"தான். அவருக்கு என்ன எழுதலாம்?

பாகா மாட்லாடி ரண்டி. நன்றாகப் பேசிவிட்டு வாருங்கள். இங்கே ராயி வேண்டாம், எழுதப் போகவில்லை. "ரண்டி"தான் "ரா"வுக்கு மரியாதை வடிவம், வீட்டுக்கு வந்த விருந்தாளியை அழைப்பதும் அதே சொல்தான்.

ஒரே ஒரு ஜாக்கிரதை. ஹிந்தி தெரிந்த காதுக்கு அது அசிங்கமான வசவு. எழுத்தில் அனுப்பினால் பிரச்சினை இல்லை. வாய்ஸ் நோட் அனுப்பி, அவர் சென்ட்ரலில் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டால், பக்கத்தில் நிற்கிறவர் திரும்பிப் பார்ப்பார். என் மாணவி ஒருத்திக்கு இது நடந்திருக்கிறது.

நுவ்வு என்றால் நீ, மீரு என்றால் நீங்க. உங்கள் வீட்டில் அவர் உங்களை "நுவ்வு" என்றும் நீங்கள் அவரை "மீரு" என்றும் அழைத்தால் இதுவே சரி. இருவரும் "நுவ்வு" என்றால் "மாட்லாடி ரா". வழக்கத்தை மட்டும் திடீரென்று மாற்றாதீர்கள். தினமும் நுவ்வு என்கிறவர் அன்றைக்கு மட்டும் மீரு என்று எழுதினால், கோபம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

பெரம்பூர்: தெலுங்கில் ஆல் தி பெஸ்ட்டுக்கு என்ன?

ஆல் தி பெஸ்ட்.

தண்டையார்பேட்டை: தெலுங்கில் "சுபாகாங்க்ஷலு" என்று ஒரு சொல் இருக்கிறதே, அதை ஏன் சொல்லவில்லை? பேப்பரில் எல்லாம் அதுதான் வருகிறது. அப்புறம், "படக்கு" என்று எதிர்மறையாகச் சொல்வதே தப்பு. டென்ஷன் என்ற சொல்லைக் கேட்டாலே டென்ஷன் வரும். "தைர்யங்கா உண்டு" என்று நேராகச் சொல்ல வேண்டும்.

முதல் பாதியில் நீங்கள் சொல்வது உண்மைதான், பேப்பரில் வருகிறது. பேப்பரில் வருவதால்தான் நான் சொல்லவில்லை. பிறந்தநாள், உகாதி, பதவி உயர்வு, அதற்கெல்லாம் அந்தச் சொல். மனைவிக்கு அனுப்பினால் சங்கத்துச் செயலாளர் அனுப்பியது மாதிரி இருக்கும்.

இரண்டாவது பாதி: "தைர்யங்கா உண்டு" தெலுங்கு சரி, எழுத்துப் பிழைகூட இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் அதை ஆஸ்பத்திரி வராண்டாவில்தான் சொல்வோம், இல்லை துக்க வீட்டில். தமிழில் "தைரியமா இரு" யாரிடம் சொல்கிறோம்? ஏதோ ஆகிவிட்டது என்கிறவரிடம்தானே. பரீட்சைக்குக் கிளம்புகிறவளிடம் அதைச் சொன்னால், ஏதாவது ஆகப்போகிறதா என்று நினைப்பாள்.

ராயபுரம், வேறொருவர்: அக்கா, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நானும் தெலுங்குதான், எங்கள் பாட்டி காலத்திலிருந்து இங்கே. எங்கள் வீட்டில் பரீட்சைக்குப் போகும்போது "தைர்யங்கா ராயி" என்றுதான் சொல்வார்கள். துக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

"தைர்யங்கா ராயி" வேறு தம்பி, "தைர்யங்கா உண்டு" வேறு. முதலாவது தைரியமாக எழுது, வேலை இருக்கிறது. இரண்டாவது தைரியமாக இரு, சும்மா உட்கார்ந்து தைரியமாக இருக்கச் சொல்கிறது.

அதே ராயபுரம்: எங்கள் வீட்டில் உண்டு-வும் சொல்வோம் அக்கா. பரீட்சைக்கே சொல்வோம்.

சரி, உங்கள் வீட்டில் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் சொன்னால் என் அம்மா எழுந்து வந்துவிடுவார்.

தண்டையார்பேட்டை: அப்போ நான் சொன்னது பாதி சரி என்று ஒத்துக்கொள்கிறீர்கள்.

ராயபுரத்து வீட்டுக்குச் சரி. எதிர்மறை கூடாது என்பதை ஒத்துக்கொள்ளவில்லை. "கவலைப்படாதே" என்று கேட்டுக் கவலைப்பட்டவர்களை நான் பார்த்ததில்லை. யார் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது.

சௌகார்பேட்டை, மனைவி: கணவர் மார்வாடி, வீட்டில் ஹிந்தி பேசுகிறார்கள். சி.ஏ. பரீட்சை. "அச்சா லிக்கோ" சரியா?

புரியும், ஆனால் தமிழ் ஹிந்தி. அவர்கள் பரீட்சையை எழுதுவதில்லை, "கொடுக்கிறார்கள்". அதனால் அச்சே ஸே தேனா, நன்றாகக் கொடு. "தோ" இல்லை, "தேனா". இந்த நிமிஷமே செய் என்றால் தோ, பிறகு அங்கே போய்ச் செய் என்றால் தேனா. முந்தின ராத்திரி அனுப்பும் வரிக்கு இதுதான் பொருந்தும். நீங்கள் அவரை "ஆப்" என்று அழைத்தால் "அச்சே ஸே தீஜியேகா". காலையில் ஒரு ஸ்பூன் தயிரும் சர்க்கரையும் வாயில் கொடுத்து இதைச் சொன்னால் உங்கள் மாமியாரே அசந்துபோவார், அவர்கள் பக்கத்து வழக்கம் அது. மார்வாடியில் வேண்டுமென்றால் அந்த மாமியாரிடமே கேளுங்கள், எனக்குத் தெரியாது.

எண்ணூர்: மனைவி மலையாளி. பி.எஸ்.சி. எழுதுகிறார். ஒரு வரி?

"பேடிக்கண்ட", பயப்பட வேண்டாம். இதற்கு மேல் மலையாளம் தெரிந்தவரைப் பாருங்கள்.

மூலக்கடை: தெலுங்கில் ஆல் தி பெஸ்ட் எப்படிச் சொல்வது?

மேலே பாருங்கள்.

திருவொற்றியூர்: நான் மூன்று தடவை போலீஸ் தேர்வு எழுதிவிட்டேன். என் மனைவி ஒரு தடவைகூட எதுவும் சொன்னதில்லை. அவருக்கும் தெலுங்குதான். இதற்கு என்ன செய்வது?

கேள்வி வேறு பக்கம் போகிறது, ஆனாலும் சொல்கிறேன். தேர்வன்று காலை அவர் என்ன செய்தார் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் வீட்டு ஆட்கள் நிறையப் பேர் வாயால் சொல்ல மாட்டார்கள், இட்லி இன்னும் ரெண்டு வைப்பார்கள். அப்படியும் எதுவும் இல்லையென்றால், அடுத்த தடவை கிளம்பும்போது நீங்களே "வெள்ளொஸ்தானு" என்று சொல்லிப் பாருங்கள். போய்ட்டு வரேன் என்று அர்த்தம். கேட்டதும் "வெள்ளி ரா" அல்லது "வெள்ளி ரண்டி" என்று தானாக வாயில் வரும். வெள்ளிக்கிழமை இல்லை அது, போய்ட்டு வா.

கொடுங்கையூர்: சீட்டு எழுதி அவர் பர்ஸில் வைக்கலாமா, ஹாலில் பார்த்துச் சந்தோஷப்படட்டும்?

வைக்காதீர்கள் என்று மேலேயே சொன்னேன். படிக்காமலேயே கேட்கிறீர்கள்.

புளியந்தோப்பு: ஆல் தி பெஸ்ட்டுக்கு...

இல்லை.

வியாசர்பாடி, கணவர்: அக்கா, முதல் கேள்வி கேட்டவன்தான். நீங்கள் சொன்னபடி "நீக்கு அன்னீ வச்சு. பாகா ராசி ரா" என்று இப்போதே அனுப்பிவிட்டேன், பரீட்சைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. அவர் "சரே" என்று மட்டும் பதில் போட்டிருக்கிறார். கோபமா?

சரே என்றால் சரி. படித்துக்கொண்டிருப்பார், விடுங்கள். ஞாயிறு காலை திரும்ப அனுப்புங்கள்.