அந்த மூன்று நாட்கள்

கேள்வி: எனக்குக் கல்யாணமாகி ஏழு வருடம், ஒரு பெண் குழந்தை. கணவர் குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார். ஆனால் இரவில் நான் வேண்டாம் என்றால் கேட்க மாட்டார். மறுத்தால் மறுநாள் வீட்டுச் செலவுக்குப் பணம் தர மாட்டார். மாதவிலக்கு ஐந்து நாளில் நின்றுவிட்டாலும் எட்டு நாள் என்று சொல்லிச் சமாளிக்கிறேன். அம்மாவோ, "புருஷன்தானே, அனுசரிச்சுப் போ" என்கிறாள். இதை வெளியே சொல்வது தப்பா?
– ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: மூன்று நாள் கூட்டிச் சொல்கிறீர்களே, அதைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். அங்கேதான் விஷயமே இருக்கிறது. விலக்கு என்றால் அவர் தள்ளிப் படுக்கிறார். அப்படியானால் மாதத்தில் எட்டு நாள் அவரால் தன்னை அடக்கிக்கொள்ள முடிகிறது. "ஆம்பளைன்னா அப்படித்தான்" என்று இனி யாரும் உங்களிடம் சொல்ல முடியாது. தீட்டுக்குக் கட்டுப்படுகிறவர் உங்கள் வாய்ச்சொல்லுக்குக் கட்டுப்பட மறுக்கிறார்.

"அடிக்க மாட்டார்" என்று சான்றிதழ் வேறு கொடுக்கிறீர்கள். பிள்ளைக்குப் பால் வாங்கும் காசை நிறுத்தி உடம்பைக் கேட்பது அடியைவிடக் குறைந்ததா? அந்தக் காசுக்குப் பயந்து நீங்கள் சும்மா கிடந்த இரவுகள் சம்மதம் ஆகாது. குடும்பம் நடத்துவது மனைவியின் கடமை என்றால், வீட்டுச் செலவுக்குக் கொடுப்பது கணவரின் கடமை. அதற்கு இரவில் விலை கேட்கிறவர் கடமை தவறியவர். உங்கள் அம்மாவுக்கும் இதுதான் பதில். மகளைக் கட்டிக் கொடுத்ததால் அவள் உடம்பையும் எழுதிக் கொடுத்துவிட்டதாக எந்தத் தாயும் நினைக்கக் கூடாது.

சட்டம் எங்கே கைவிடுகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். குற்றங்களுக்குத் தண்டனை சொல்லும் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 63வது பிரிவு, பெண் எதிர்த்துப் போராடவில்லை என்பதற்காகவே அவள் சம்மதித்தாள் என்று கொள்ளக் கூடாது என்கிறது. அதே பிரிவு, 18 வயது நிறைந்த மனைவியிடம் கணவன் செய்வதைப் பாலியல் வன்கொடுமைக் குற்றத்திலிருந்து விலக்கியும் வைத்திருக்கிறது. இந்த விலக்கை எடுத்துவிடும்படி பாலியல் குற்றச் சட்டங்களை ஆராய்ந்த நீதிபதி வர்மா குழு 2013லேயே பரிந்துரைத்தது. இன்னும் எடுக்கவில்லை. பிரிந்து வாழும் மனைவியை வற்புறுத்தினால் மட்டும் 67வது பிரிவில் தண்டனை உண்டு.

அதனால் நீங்கள் தட்ட வேண்டிய கதவு வேறு: 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம். உங்கள் மாவட்டத்துப் பாதுகாப்பு அலுவலரைச் சமூக நல அலுவலகத்தில் கேளுங்கள். அவர் நிரப்பும் குடும்ப வன்முறை அறிக்கைப் படிவத்தில், "கட்டாய உடலுறவு" என்று தனியாகவே அச்சிட்டிருக்கிறது. செலவுக்குப் பணம் தராததற்கும் இடம் இருக்கிறது. அந்தப் படிவம் தேதி, நேரம், இடம் கேட்கும். பலர் தடுமாறுவது அங்கேதான். ஏழு வருடத்தையும் ஒரே மூச்சில் சொல்லி அழுவார்கள், ஒரு தேதிகூட நினைவில் இருக்காது. நீங்கள் நாள் எண்ணிப் பழகியவர். நடந்த தேதி, நீங்கள் சொன்ன வார்த்தை, மறுநாள் கணவர் பணம் தந்தாரா இல்லையா, இந்த மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி, அவர் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அறிக்கையின் நகல் உங்களுக்கு இலவசம், கேட்டு வாங்குங்கள்.

அந்த அறிக்கையோடு மனு குற்றவியல் நடுவரிடம் போகும். வன்முறை செய்யக் கூடாது என்ற பாதுகாப்பு உத்தரவு, மாதச் செலவுக்குப் பணம், குழந்தையின் பொறுப்பு எல்லாவற்றையும் ஒரே மனுவில் கேட்கலாம். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை உண்டு. வீடு மாமியார் பெயரில் இருந்தாலும், நீங்கள் குடித்தனம் நடத்தும் வீட்டில் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. வக்கீலுக்குக் காசில்லையே என்று நிற்காதீர்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் வக்கீல் தரும், எண் 15100.

காவல் நிலையத்துக்குப் போனால் இருவரையும் உட்கார வைத்துச் சமாதானம் பேசி அனுப்பிவிடுவது சகஜம். "இனி புகார் இல்லை" என்று எழுதிக் கேட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். பாதுகாப்பு அலுவலரிடம் போக வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் விருப்பமில்லாமல் கரு உண்டாகிவிட்டால், கலைக்கக் கணவர் கையெழுத்துத் தேவையில்லை. கணவரின் வற்புறுத்தலால் வந்த கருவுக்கும் 24 வாரம் வரை வழி உண்டு என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

முதல் அழைப்பு 181ஆக இருக்கட்டும். அது மகளிர் உதவி எண், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். வீட்டை விட்டு உடனே வெளியேற வேண்டி வந்தால், சில நாள் தங்க சகி ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு அவர்களே வழி காட்டுவார்கள். கணவர் உங்கள் போனைப் பார்ப்பவராக இருந்தால் பக்கத்து வீட்டுப் போனில் பேசுங்கள். கதையை ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டாம். "என் விருப்பமில்லாமல் கணவர் என்னை வற்புறுத்தி உறவு கொள்கிறார், குடும்ப வன்முறை அறிக்கை பதிவு செய்ய வேண்டும்" என்று இந்த வார்த்தையிலேயே தொடங்குங்கள்.