சிண்ட்ரோம் சரி, பிரட்டுற பிட்தான் பிழை

"வாவித் தண்ணி மட்டம் அனுப்புற போர்ட்ல ஹேமிங் 7,4 போட்டிருக்கன். ஒரு பிட் பிரண்டாலே பிழையான நம்பர் வருது. `c ^= 1 << s` எண்டுதான் எழுதியிருக்கன்."

தம்பி, பிழை அந்த வரியிலதான். பிழையான பிட்டின்ட இடத்தைச் சொல்லுற சிண்ட்ரோம் `s` 1ல இருந்து எண்ணுது, ஷிஃப்ட் 0ல இருந்து எண்ணுது.

1011ஐ கையால போட்டுப் பாருங்க. டேட்டா 3, 5, 6, 7ஆம் இடம், பரிட்டி 1, 2, 4, அப்ப 1ஆம் இடத்தில இருந்து எழுதினா 0110011. இதில 5ஆம் பிட்டைப் பிரட்டினா 0110111. 1, 3, 5, 7ஐ எக்ஸோர் பண்ணினா 1 வருது; 2, 3, 6, 7க்கு 0; 4, 5, 6, 7க்கு 1; ஆக 1+4=5, இடம் சரியாத்தான் வருது. ஆனா `1 << 5` பிரட்டுறது 6ஆம் இடத்தை, அதால இருந்த ஒரு பிழை ரெண்டாகி டேட்டா 1101 ஆகிடுது.

```c
if (s) c ^= 1u << (s - 1);
```

1ஆம் பிட்டை மட்டும் பிரட்டி டெஸ்ட் பண்ணிடாதீங்க, பழைய கோட் அதில 2ஆம் பரிட்டியைத்தான் கெடுக்கும், டேட்டா தப்பிடும், நானும் அப்பிடி ஏமாந்து ஒரு ராவு முழிச்சிருந்தன். ஏழு பிட்டையும் ஒவ்வொண்டாப் பிரட்டிப் பாருங்க.

ரெண்டு பிட் பிரண்டா இது மூண்டாவதையும் கெடுக்கும். எட்டாவதா மொத்தப் பரிட்டி ஒண்டு சேருங்க. `s` பூச்சியம் இல்லாம மொத்தப் பரிட்டி சரியா வந்தா திருத்தாம அந்த அளவை வீசிடுங்க.